பொழுது சாய்ந்தால் நரைக்கும் கூந்தல்

பகலில் கறுப்பாக இருக்கும் கூந்தல் பொழுது சாய்ந்தால் நரைத்துவிடுகிறது என்று முதல் புகார் வந்தபோது, பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர். விக் பட்டறையின் சொந்தக்காரி அத்தை; கண்ணுக்குத் தெரியாத வலையில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் முடிச்சுப் போடும் முடிச்சக்கா; முடிந்த விக்கைப் படம் எடுத்து இணையப் பக்கத்தில் ஏற்றும் மேகம்.

மேகம் என்பது அவள் பெயரில்லை. "பேசிக்கிட்டே இருக்கும்போது எங்கயோ மிதந்து போயிடுறா" என்று அத்தை வைத்த பட்டம். அத்தைக்கு அவள் தம்பி மகள். படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்தவளை, "வாயில ஈ புகுந்தாலும் தெரியாம உட்கார்ந்திருக்கிறதுக்கு என் பட்டறையில வந்து உட்காரு" என்று இழுத்து வந்தாள்.

பட்டறை மாடியில் இருந்தது. கீழே சலவைக் கடை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்து, சன்னல் பக்கம் திரும்பி, யோசித்து, வெளியே போகும். மேகத்துக்கு அது பிடிக்கும். அவளுடைய மூலை அந்தச் சன்னலை ஒட்டியது. சுவரிலிருந்து மேசை வரை மடிப்பில்லாமல் இறங்கும் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் வெள்ளை உறை போட்ட தலைக்கட்டை. கட்டையின் மேல் விக்கை மாட்டிச் சீவிவிட்டு, சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடி அமைதியாக வேண்டும் என்பாள். "முடிக்கு என்னடி அமைதி" என்பாள் அத்தை. ஆனால் உண்மையிலேயே, சீவியவுடன் நிற்கும் முடி வேறு, தன் கனத்தில் தானே தாழ்ந்து படிந்த முடி வேறு.

படம் எடுத்த பிறகு கணினியில் துணியை நீக்குவாள், கட்டையை நீக்குவாள். மிச்சம் கூந்தல் மட்டும், தலையும் உடம்பும் இல்லாமல், காற்றில் மிதக்கும். அதைப் பக்கத்தில் ஏற்றுவாள். பக்கமும் வெள்ளை. வெள்ளையில் ஒரு கூந்தல் மிதப்பதைப் பார்க்கும்போது, யாரோ ஒரு பெண் பனிக்குள் நடந்து போய்த் தலை மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அத்தை அடுத்த பட்டம் வைத்துவிடுவாள்.

முதல் புகாருக்குச் சிரித்தார்கள். இரண்டாவது புகாரும் அதே மாதிரி வந்தபோது அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது, நீச்சல் டீச்சரிடமிருந்து வந்தது. அதற்கு யாருமே சிரிக்கவில்லை.

நீச்சல் டீச்சர் மற்ற வாடிக்கையாளர் மாதிரி இல்லை. புற்றுநோய்க்கு மருத்துவம் தொடங்குவதற்கு முன்பே தன் பின்னலை அடியோடு வெட்டி, துணியில் சுற்றி, தானே எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தவர். "இத்தனை வருஷம் தொப்பிக்குள்ள அடைச்சு வெச்சிருந்தேன். பாவம், இனிமேலாவது வெளிய இருக்கட்டும். இதுலயே செஞ்சு குடுங்க. வேற யார் முடியும் சேரக் கூடாது" என்றார். அத்தை வாக்குக் கொடுத்தாள். முடிச்சக்கா வேறு எந்த வேலையையும் தொடாமல், தலையை நிமிர்த்தாமல் அந்த ஒரே விக்கில் கிடந்தாள். அலை அலையான முடி. முடிந்ததும் மேகம் படம் எடுத்து ஏற்றினாள். டீச்சர் பகலில் பார்த்துவிட்டு, "என் முடிதான்" என்று ஒரு வரி அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் குரல் கைபேசியில் வந்தது. அத்தை அதை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பகல்ல கண்ணு கூசுச்சு, சரியா கவனிக்கல. இப்பதான் படத்தை நிதானமா பார்த்தேன். ஓரம் பூரா நரை. நுனியெல்லாம் நரை. என் முடியில ஒரு நரை கிடையாது. யாரோட முடியைக் கலந்தீங்க? கேட்டா சொல்லியிருப்பேனே, பத்தலைன்னா குட்டையா செஞ்சிருக்கலாமே." கோபம் இல்லை அந்தக் குரலில். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

அத்தை விக்கை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். மேகமும் பார்த்தாள். கணினியில் படத்தைப் பார்த்தார்கள். கறுப்பு. எங்கேயும் கறுப்பு.

"எங்க இருக்கு நரை? காட்டுங்க" என்றாள் முடிச்சக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

அத்தை முடியை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள். அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவளைப் போட்டு அரித்தது. நரைமுடிக்குச் சாயம் ஏற்றினால் அது வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேறு நிறம் காட்டும். பகலில் கறுப்பாக இருப்பது சாயங்கால வெளிச்சத்தில் பல்லை இளிக்கும்.

"பழைய பெட்டியில சாயம் போட்ட முடி கொஞ்சம் இருந்துச்சே" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

முடிச்சக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "அக்கா, நேரடியா கேளுங்க."

"உச்சியில பத்தலையோ என்னவோ. அவசரத்துல..."

"நான் என்னைக்கு அவசரப்பட்டிருக்கேன்?"

"மூணு பேர் ஒரே மாதிரி சொல்றாங்களே, மூணு பேருக்குமா கண்ணு கெட்டுப் போச்சு?"

"அப்ப எனக்குக் கை கெட்டுப் போச்சுன்னு சொல்றீங்க."

அத்தை கடைசியில் சொன்னாள்: விக்கைப் பிரித்துவிடலாம். முடிச்சை எல்லாம் அவிழ்த்து, முடியைத் தனித்தனியாகத் துவைத்துப் பார்த்து, சாயம் போகிறதை ஒதுக்கிவிட்டு, மறுபடியும் போடலாம். வேறு யாரிடமாவது கொடுத்தாவது போட்டுவிடலாம்.

வேறு யாரிடமாவது என்ற வார்த்தை விழுந்ததும் அறையில் ஆவிகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. முடிச்சக்கா தன் மேசை விளக்கை அணைத்தாள். "பிரிக்கிறதா இருந்தா நாளைக்கு மத்தியானத்துக்கு மேல பிரிங்க. நான் காலைல வந்து என் ஊசியையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன். நான் போட்டதை இன்னொருத்தி அவிழ்க்கிறதை நின்னு பார்க்க எனக்குத் தெம்பில்லை." படி இறங்கிப் போனாள்.

அன்று இரவு மேகத்துக்கு ஒரு கனவு வந்தது. ஒரு பெரிய வெள்ளை அறை. அதில் கூந்தல்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சன்னல் வரை போய் வெளியே இருட்டைப் பார்த்ததும் ஓரத்தில் மெல்ல வெளுத்தது. திரும்பி அறைக்குள் வந்தால் மறுபடி கறுத்தது. கனவுக்குள்ளேயே அவளுக்கு இது ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. விழித்ததும் மறந்துவிட்டது, ஈரம் மட்டும் மிச்சமிருக்கிற மாதிரி ஒரு உணர்வு.

காலையில் முடிச்சக்கா வரவில்லை. காய்ச்சல், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தையும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. விக் கட்டை மேலேயே இருந்தது. மத்தியானம் வரை அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அத்தை, நான் இதை டீச்சர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நேர்ல காட்டுறேன்" என்றாள் மேகம்.

"அந்த அம்மா முகத்துல எப்படிடி முழிப்பே?"

"நீங்க முழிக்க மாட்டீங்கன்னுதான் நான் போறேன்."

அத்தை முறைத்தாள். பிறகு அவளே விக்கை வட்டப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தாள். "பஸ்ல சன்னலைப் பார்த்துக்கிட்டே பெட்டியை விட்டுட்டு இறங்கிடாதே."

டீச்சரின் வீடு மூன்றாவது மாடி. வரவேற்பறையில் சுவர் முழுக்கப் பதக்கங்கள்; ஒன்றும் அவருடையதில்லை, எல்லாம் அவரிடம் படித்த பிள்ளைகள் கொண்டுவந்து மாட்டியது. டீச்சர் தலையில் மெல்லிய பருத்தித் துணி கட்டியிருந்தார். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று திரையை முக்கால்வாசி இழுத்துவிட்டிருந்தார். அந்தப் பாதி இருட்டில் அறை குளத்தின் அடித்தளம் மாதிரி இருந்தது.

மேகம் பெட்டியைத் திறந்தாள். டீச்சர் விக்கை மடியில் வாங்கிக்கொண்டார். விரலை உள்ளே விட்டார். நெற்றி ஓரம், பிடரி, நுனி. சன்னல் பக்கம் திருப்பி ஒரு தடவை பார்த்தார். மேசை விளக்கைப் போட்டு ஒரு தடவை பார்த்தார்.

"கறுப்பாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா நான் பொய் சொல்லல."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லல டீச்சர்."

"பின்ன? மருந்துல என் கண்ணு போச்சுன்னு சொல்ல வந்தியா?" கைபேசியை எடுத்துப் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைப் பக்கம், நடுவில் கூந்தல். அவரே குழம்பிப்போனார். "இப்ப இல்லையே. நேத்து இருந்துச்சு. ராத்திரியும் பார்த்தேன், இருந்துச்சு."

"எப்ப பார்த்தீங்க?"

"மொதல்ல விளக்கு வெக்கிற நேரத்துக்கு."

விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து பார்த்துவிடலாம் என்று மேகம் உட்கார்ந்தாள். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். கைபேசியை, திரை அணையாதபடி, மடியில் கூந்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பிள்ளைகளில் ஒருத்தி முதல் தடவை தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபோது, "உள்ள சத்தமே இல்ல மிஸ்" என்று அழுத கதையைச் சொன்னார். திரை இடுக்கில் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது, சுவரிலிருந்து பதக்கங்களுக்கு ஏறியது, பிறகு ஒரு பதக்கத்தின் விளிம்பில் மட்டும் நின்றது. அங்கிருந்தும் போனது.

அப்போது டீச்சரின் மடியில் இருந்த கைபேசியில் பக்கம் தானாகக் கறுத்தது.

யாரும் தொடவில்லை. வெள்ளை முழுதும் ஒரு மூச்சில் கறுப்பானது. எழுத்து வெளுத்தது. நடுவில் இருந்த கூந்தல் அவர்கள் கண்ணெதிரே நரைத்தது. ஓரமெல்லாம் வெள்ளி. ஒவ்வொரு இழையின் நுனியிலும் பனி. அலைக்கும் அலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

"பாரு" என்றார் டீச்சர் மெதுவாக. "நான் சொன்னேன்ல."

மேகத்துக்குக் கனவில் பார்த்த சன்னல் நினைவுக்கு வந்தது. கைபேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள். உண்மையான நரை என்றால் இழையின் நீளத்துக்கு ஓடும். வேரிலிருந்து நுனி வரை ஒரே இழை வெள்ளையாக இருக்கும். இந்த வெள்ளை எந்த இழையையும் சேர்ந்ததில்லை. எல்லாவற்றுக்கும் வெளிப்புறத்தில், கோடு வரைந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தைக் கீழே நகர்த்தினாள். விக் தலையில் நிற்பதற்காகப் பிடரியில் உள்பக்கம் தைத்திருந்த சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் சீப்பு, கூந்தலுக்கு அடியில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதன் பற்களைச் சுற்றியும் அதே வெள்ளை.

"டீச்சர்" என்றாள். "சீப்புக்கு நரைக்குமா?"

டீச்சர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். "வயசானா நரைக்குமோ என்னவோ."

"இது முடியோட வெள்ளை இல்ல. என்னோட துணியோட வெள்ளை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே முழுதாகப் புரிந்தது. தட்டுத்தடுமாறி டீச்சருக்கு விளக்கினாள். படம் என்பது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள். ஒரு முடி ஒரு புள்ளியைவிட மெல்லியது. அதனால் ஓரத்தில் இருக்கும் புள்ளியில் பாதி முடி, பாதி பின்னால் இருக்கும் வெள்ளைத் துணி. கேமராவால் ஒரு புள்ளிக்குள் கோடு கிழிக்க முடியாது. இரண்டையும் கலந்து சாம்பலாக்கிவிடும். அவள் பின்னணியை நீக்கும்போது அந்தப் புள்ளியைப் பாதி கண்ணாடி மாதிரி ஆக்குகிறாள், பின்னால் இருப்பது தெரியட்டும் என்று. அது சரிதான். ஆனால் அந்தப் பாதிக் கண்ணாடிக்கு நிறம் என்ன? துணியின் வெள்ளை கலந்த அதே சாம்பல். அதை யாரும் கழுவவில்லை.

"வெள்ளைப் பக்கத்துல வெச்சா அந்த வெள்ளை வெள்ளையோட போயிடும். முடி ஓரத்துல கொஞ்சம் லேசாத் தெரியும், அவ்வளவுதான். கறுப்புல வெச்சா போறதுக்கு இடம் இல்ல. அப்படியே நிக்குது. எங்க பக்கத்தைச் செஞ்சு குடுத்தவர் போன மாசம் டார்க் மோட், அதான் பக்கத்தைக் கறுப்பாக்குற வசதி, சேர்த்திருக்கேன்னு சொன்னாரு. பட்டறையில நாங்க யாரும் அதைப் போட்டுப் பார்க்கவே இல்ல. எங்க கணினி எப்பவும் வெள்ளை. உங்க போன் பொழுது சாஞ்சா தானா மாறிக்குது."

டீச்சர் யோசித்தார். "குளத்துல இருந்து ஏறி வர்ற பிள்ளை மாதிரி" என்றார். "ஆளை வெளிய எடுத்துட்டே. ஒட்டிக்கிட்டு வந்த தண்ணியைத் துடைக்கல."

"அதேதான் டீச்சர்."

"தண்ணிக்குள்ளேயே இருந்தா ஈரம் தெரியாது." அவர் கைபேசியைத் திருப்பித் தரவில்லை. கறுப்புப் பக்கத்தில் மிதக்கும் நரைத்த கூந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த வெளிச்சம் மட்டும். "நேத்து ராத்திரி பூரா உங்களைத் திட்டிக்கிட்டே இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஏன் மூடி வெக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன்னு இப்பதான் தெரியுது."

மேகம் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நரைச்சா எப்படி இருப்பேன்னு இதுவரைக்கும் நினைச்சதே இல்ல. இந்த வருஷம் அதை நினைக்கவே பயம். அவ்வளவு தூரம் போவேனான்னு." மடியிலிருந்த விக்கைத் தூக்கி, துணி கட்டிய தலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு இறக்கினார். "உங்க முடிச்சக்காவைக் கேளு. நெத்தி ஓரத்துல நாலஞ்சு வெள்ளை முடி போட முடியுமா? அதிகம் வேண்டாம். கண்ணாடியில பார்த்தா எனக்கு மட்டும் தெரியணும்."

மறுநாள் முடிச்சக்கா ஊசிகளை எடுக்க வந்தபோது, அத்தை கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேகம் பக்கத்தைக் கறுப்பாக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. கூந்தல் இளமையாகி முதுமையாகி இளமையானது. முதலில் புகார் சொன்ன இருவரின் விக் படங்களும் அப்படியே. அத்தையின் முகம் அதைவிட வேகமாக மாறியது.

"இதுக்கு என்ன, அந்தக் கறுப்புப் பக்கத்தை எடுத்துடச் சொல்லிட்டாப் போச்சு" என்றாள் அத்தை, முடிச்சக்காவைப் பார்க்காமல்.

"நம்ம கிட்ட வர்றவங்க பாதிப் பேருக்குக் கண்ணு கூசும் அத்தை. அவங்களுக்கு அதுதான் சுகம். படத்தைத்தான் சரி பண்ணணும்."

"ஓரத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டிடேன்."

மேகம் வெட்டிக் காட்டினாள். வெள்ளைக்கோடு போனது. கூடவே பறந்துகொண்டிருந்த மெல்லிய இழையெல்லாம் போனது. மிச்சமிருந்தது சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூந்தல்.

"சகிக்கல" என்றாள் முடிச்சக்கா, வாசற்படியிலிருந்து. பேசக் கூடாது என்று இருந்தவள், வேலையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "ராத்திரி பகலா உட்கார்ந்து போட்ட நுனியெல்லாம் எங்க?"

மேகம் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்தாள். இந்த முறை ஓரத்துப் புள்ளிகளின் கண்ணாடித்தன்மையைத் தொடவில்லை. எந்தப் புள்ளியில் எவ்வளவு துணி கலந்திருக்கிறதோ அந்த அளவு வெள்ளையை மட்டும் நிறத்திலிருந்து கழிக்கச் சொன்னாள். கழித்தும் சாம்பல் தங்கிய இடங்களில், அதே இழையின் உட்பகுதியிலிருந்து கறுப்பை எடுத்து ஓரம் வரை நீட்டினாள். முடிச்சக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. அவளுடைய மூச்சு மேகத்தின் தோளில் பட்டது. கறுப்புப் பக்கத்தில் நரை, விடியற்காலைப் பனி விலகுகிற மாதிரி, இழை இழையாக விலகியது. நுனிகள் அப்படியே இருந்தன. கறுப்பில் கறுப்பாக, மெல்ல மெல்ல இல்லாமல் போய் முடிந்தன. வெள்ளைப் பக்கத்துக்கு மாற்றினாள். அங்கேயும் கூந்தல் முன்னைவிட அடர்த்தியாக, கேமரா பிடித்தது போலவே நின்றது.

கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது.

"ஏம்மா" என்றாள் அத்தை. மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வாய்க்குள் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றாள். "காய்ச்சல் எப்படி இருக்கு?"

"எனக்கு எங்க காய்ச்சல்" என்றாள் முடிச்சக்கா. "உங்க மேல இருந்த கோபம்தான், தெர்மாமீட்டர்ல ஏறல."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

"சாயம்னு நினைச்சுட்டேன். வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுதேன்னு..."

"தெரியும் அக்கா. நானா இருந்தாலும் சாயம்னுதான் நினைச்சிருப்பேன். ஆனா நீங்க கலந்தீங்கன்னு நினைச்சிருக்க மாட்டேன்."

அத்தை அதை வாங்கிக்கொண்டாள். பதில் பேசாமல் வாங்கிக்கொண்டது, அவளை அறிந்தவர்களுக்குப் பெரிய விஷயம். பிறகு சொன்னாள், தரையைப் பார்த்து: "டீச்சர் ஒண்ணு கேட்டிருக்காங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நெத்தி ஓரத்துல நாலஞ்சு வெள்ளை முடி வேணுமாம்."

முடிச்சக்கா ஒரு கணம் அத்தையைப் பார்த்தாள், பிறகு மேகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, கடைசியில்தான் வாய்க்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மேசை இழுப்பறையைத் திறந்தாள். மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நீளமாக, சுருண்டு, சில வெள்ளை இழைகள்.

"யாரோடது?" என்றாள் அத்தை.

"அவங்களோடதுதான். பின்னலைப் பிரிச்சுச் சீவும்போது பிடரிப் பக்கத்துக் கத்தையில இருந்துச்சு. கண்ணாடியில தெரியாத இடம், அவங்களுக்கே தெரியாது. நான்தான் எடுத்து ஒதுக்கி வெச்சேன்."

"அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா? 'ஆமாக்கா, நரை இருந்துச்சு'ன்னு நான் வாயைத் திறந்திருந்தா மிச்சத்தைக் கேட்டிருப்பீங்களா நீங்க?"

அத்தை எழுந்துபோய், முடிச்சக்காவின் மேசை விளக்கைத் தானே போட்டாள்.

மேகம் டீச்சருக்கு அழைத்தாள். வெள்ளை முடி வெளியே வாங்க வேண்டாம், அவருடைய பின்னலிலேயே இருந்ததாம், போடலாமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி.

"அப்ப ஆரம்பிச்சுட்டேன்" என்றார் டீச்சர். "போடச் சொல்லு."

முடிச்சக்கா போட்டாள். நெற்றி ஓரத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஒவ்வொன்றாக, கொக்கியை உள்ளே விட்டு, வளைத்து, இழுத்து. மேகத்துக்கு இப்போது புதிய தொல்லை. வெள்ளைத் துணிக்கு முன்னால் வெள்ளை முடியை வைத்தால் எது துணி, எது முடி என்று கணினிக்குத் தெரியாது. துணியின் வெள்ளையைக் கழிக்கும்போது டீச்சரின் நரையும் சேர்ந்து போய்விடும். சுவரிலிருந்து துணியை அவிழ்த்தாள். சலவைக் கடையில் கேட்டு ஒரு இடைப்பட்ட சாம்பல் நிறப் போர்வை வாங்கி வந்து கட்டினாள். கறுப்பு முடியும் அதில் தெரிந்தது, வெள்ளை முடியும் தெரிந்தது. "மூலையே அழுது வடியுது" என்றாள் அத்தை, ஆனால் ஆணி அடிக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

படம் எடுத்து, போர்வையை நீக்கி, ஓரத்தில் கலந்த சாம்பலைக் கழுவி, மேகம் அதை முதலில் வெள்ளையில் வைத்தாள். நரை இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு, வெளியே பறந்த நுனி மட்டும் பக்கத்தோடு கரைந்திருந்தது. பிறகு கறுப்பில் வைத்தாள். கூந்தலின் ஓரம் சுத்தமாக இருளில் முடிந்தது. சீப்புக்கு நரை இல்லை. நெற்றிக்குப் பக்கத்தில் மட்டும், வேரிலிருந்து நுனி வரை, வெள்ளைக் கோடுகள் அலையோடு சேர்ந்து வளைந்து இறங்கின.

முடிச்சக்கா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"இது உன் வெள்ளையா, என் வெள்ளையா?"

"உங்களோடதுதான் அக்கா."

முடிச்சக்கா தலையை ஆட்டினாள். "அப்ப அனுப்பு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வலையை எடுத்துத் தலைக்கட்டையில் குத்த ஆரம்பித்தாள்.